மணி ஆளா, நேரமா? தமிழில் பெயர் தேடும் மென்பொருள் எங்கே தடுமாறுகிறது

ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்றின் குறிப்பேட்டில் இப்படி இரண்டு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

"மணி நாலு மணிக்குப் பவானிக்குப் போனார். பவானியிடம் கணக்கைக் கொடுத்துவிட்டு, பவானியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்."

நமக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. முதல் மணி ஆள், இரண்டாவது மணி நேரம். முதல் பவானி ஊர், அடுத்தது ஒரு பெண், மூன்றாவது மறுபடியும் ஊர். இதையே மென்பொருளிடம் கொடுத்து, ஆட்களின் பெயரை மட்டும் பிரித்துக் கொடு என்றால் அது திணறும். நாலு மணியையும் ஆளாக்கிவிடும், இல்லையென்றால் மணி அண்ணனையே காணாமல் போக்கிவிடும்.

இந்த வேலைக்கு எதற்கு மென்பொருள் என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான புகார் மனுக்களையோ மருத்துவக் குறிப்புகளையோ ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் முன் அவற்றில் இருக்கும் ஆட்களின் பெயரை மறைக்க வேண்டும். பழைய செய்தித் தொகுப்பில் ஒருவரைப் பற்றிய செய்திகளை மட்டும் தேடி எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பெரிய உதவி உண்டு. அங்கே பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்கும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லை. மணி என்ற ஆளும், கோயில் மணியும், நாலு மணியும் தாளில் ஒரே உருவம்தான்.

அதோடு நாம் பெயர் வைக்கும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. தங்கம், முத்து, அன்பு, செல்வம், வெற்றி, மலர் என்று அகராதிச் சொற்களை அப்படியே பிள்ளைகளுக்கு வைக்கிறோம். கொங்குப் பக்கத்தில் ஆறும் மலையும்கூடப் பெயராகும். பவானி, அமராவதி, வெள்ளியங்கிரி, மருதமலை, பழனி என எதை எடுத்தாலும் அந்தப் பெயரில் தெருவுக்கு ஓர் ஆள் கிடைப்பார். பொன்னி என்றால் ஆறு, அரிசி, பக்கத்து வீட்டு அக்கா மூன்றும்தான்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒரு பெயர்ப் பட்டியல் போட்டுத் தேடுவது. மணி பட்டியலில் இருந்தால் குறிப்பேட்டில் உள்ள அத்தனை நேரமும் பெயராகிவிடும். பட்டியலிலிருந்து மணியை எடுத்துவிட்டால் மணி அண்ணன், மணியக்கா எல்லாரும் போய்விடுவார்கள். இதைப் பட்டியலை நீட்டிச் சரிசெய்ய முடியாது. அந்தச் சொல் அந்த இடத்தில் எந்த வேலை செய்கிறது என்று பட்டியலுக்குத் தெரியாது.

அதனால் இப்போதைய மென்பொருள்கள் வேறு விதமாக நடக்கின்றன. வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முத்திரை குத்துகின்றன. நம் முதல் வாக்கியத்துக்குச் சரியான விடை இப்படி இருக்கும்:

```
மணி          B-PER
நாலு         O
மணிக்குப்     O
பவானிக்குப்   B-LOC
போனார்       O
```

`PER` என்றால் ஆள், `LOC` என்றால் இடம், `O` என்றால் எந்தப் பெயரும் இல்லை. முன்னால் இருக்கும் `B` பெயரின் தொடக்கத்தைக் காட்டுகிறது. தீரன் சின்னமலை போல இரண்டு சொல் பெயராக இருந்தால் தீரனுக்கு `B-PER`, சின்னமலைக்கு `I-PER` என்று வரும். அதாவது இதுவும் அதே பெயரின் தொடர்ச்சி என்று அர்த்தம்.

முத்திரையை முடிவு செய்ய மென்பொருளுக்குச் சட்டம் எதையும் நாம் எழுதித் தருவதில்லை. ஏற்கெனவே முத்திரை குத்திய ஏராளமான வாக்கியங்களைக் காட்டிப் பழக்குகிறோம். எந்தச் சூழலில் எந்த முத்திரை அதிகம் வந்தது என்பதை அது எண்களாக உள்ளே வைத்துக்கொள்கிறது. புது வாக்கியம் வரும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஆளாக இருக்க இவ்வளவு வாய்ப்பு, இடமாக இருக்க இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, அதிகம் வாங்கியதைத் தேர்ந்தெடுக்கிறது. அதற்கு இலக்கணம் தெரியாது. ஆனால் நல்ல பழக்கம் இருந்தால் இலக்கணம் விட்டுச்செல்லும் தடயங்களைப் பிடித்துக்கொள்ளும்.

தமிழில் அப்படிப்பட்ட தடயங்கள் நிறையவே இருக்கின்றன. முதலாவது வேற்றுமை உருபு. பவானியில் என்றால் ஊர், பவானியிடம் என்றால் ஆள். பவானியிலிருந்து வந்தது பஸ், பவானியிடமிருந்து வந்தது கடிதம். ஆளைக் குறிக்கும் சொல்லோடு நாம் 'இடம்' சேர்ப்போம், ஊரோடு 'இல்' சேர்ப்போம். பேச்சில் அந்த 'இடம்' என்பது 'கிட்ட' ஆகும். மணிகிட்ட என்று ஒரு சொல் வந்தால் அது பெரும்பாலும் ஆள்தான்.

சிக்கல் 'கு' உருபில் இருக்கிறது. அது ஆளுக்கும் வரும், ஊருக்கும் வரும், நேரத்துக்கும் வரும். மணிக்கு என்ற ஒரே சொல் "மணிக்குக் காய்ச்சல்" என்பதிலும் இருக்கிறது, "நாலு மணிக்குக் காய்ச்சல் வந்தது" என்பதிலும் இருக்கிறது. அங்கே பக்கத்தில் இருக்கும் சொல்லைத்தான் நம்ப வேண்டும். "பவானிக்குப் போனார்" என்றால் ஊர். ஆளைத் தேடிப் போனால் பவானியிடம் போனார் என்றிருப்போம். "பவானிக்குக் கல்யாணம்" என்றால் பெண். "பவானிக்கு அனுப்பினேன்" என்பதை என்ன செய்வது? அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு நமக்கே சொல்ல முடியாது. முந்தின வரியைப் பார்க்க வேண்டும். பல மென்பொருள்கள் வாக்கியம் வாக்கியமாகத்தான் படிக்கின்றன, முந்தின வரி அவற்றின் கண்ணில் படுவதே இல்லை.

மணிக்கு முன்னால் எண் வந்தால் நேரம் என்று ஒரு விதி போட்டுவிட்டால் என்ன? நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள், பெரும்பாலும் பலனும் தருகிறது. ஆனால் "மணி நாலு ஆச்சு" என்று எண் பின்னாலும் வரும். சரி, பின்னால் வந்தாலும் நேரம் என்று விதியை நீட்டினால், "மணி நாலு மூட்டை எடுத்துப்போனார்" என்ற வரியில் மூட்டை தூக்கிய மணி காணாமல் போவார். "எங்க வீதியில ரெண்டு மணி இருக்காங்க" என்று யாராவது எழுதிவைத்தால் முதல் விதியும் கவிழ்ந்தது.

இரண்டாவது தடயம் வினைச்சொல். இதை ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்க்கலாம்.

"சின்னமலை ஓடாநிலையில் கோட்டை கட்டினார்."

தீரன் சின்னமலை கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்டவர், 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். ஓடாநிலை ஈரோடு மாவட்டம் அரச்சலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவர் கோட்டை கட்டிய இடம். இதெல்லாம் நமக்குத் தெரியும். தெரியாத ஒரு மென்பொருள் அந்த வாக்கியத்தை எப்படிப் பார்க்கும்? சின்னமலை என்பது சின்ன மலையாகத் தெரியும். சென்னிமலை, சிவன்மலை, மருதமலை என்று மலையில் முடியும் ஊர்ப் பெயர்களை அது நிறையப் பார்த்திருக்கும். சென்னையில் சின்னமலை என்றே ஓர் இடமும், அந்தப் பெயரில் மெட்ரோ நிலையமும் இருக்கின்றன. ஓடாநிலையில் என்பதையோ, ஓடாத நிலையில் என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. பழுதான வண்டியைப் பற்றிய வரி போல ஆகிவிடும்.

இந்த வாக்கியத்தைக் காப்பாற்றுவது கடைசிச் சொல்தான். கட்டினார் என்ற வினையின் விகுதி உயர்திணை. அப்படியானால் கட்டியது ஓர் ஆள். ஓடாநிலையில் என்பது 'இல்' உருபோடு நிற்கிறது, அது கட்டியவராக இருக்க முடியாது. கோட்டை கட்டப்பட்ட பொருள். மிச்சம் இருப்பது உருபு எதுவும் இல்லாத சின்னமலை ஒன்றுதான், ஆகவே அதுவே ஆள். இதையே "தூரத்தில் சின்னமலை தெரிந்தது" என்று எழுதினால் வினை அஃறிணை, இப்போது அது குன்றோ இடமோ ஆகிறது. பவானி வந்தாள், பவானியில் வெள்ளம் வந்தது, பவானி பெருக்கெடுத்தது என்பவற்றையும் இப்படியே பிரிக்கலாம்.

தமிழில் வினை கடைசியில் வருவதால், வாக்கியத்தை முன்னிருந்து பின்னாக மட்டும் படித்த பழைய முறைகளுக்கு இந்தத் தடயம் காலம் கடந்துதான் கிடைத்தது. முதல் சொல்லுக்கு முத்திரை குத்தும்போது கடைசிச் சொல்லை இன்னும் பார்த்திருக்காது. இப்போதைய பெர்ட் வகை மாதிரிகள், அதாவது ஏராளமான உரையைப் படித்துப் பழகிய நிரல்கள், வாக்கியம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கின்றன, அந்த அளவில் தமிழுக்கு அவை பொருத்தம். ஆனாலும் திணை காட்டாத வினை வடிவங்கள் உண்டு. "சின்னமலை கட்டிய கோட்டை" என்பதில் கட்டிய என்ற பெயரெச்சம் ஆளைப் பற்றியோ பொருளைப் பற்றியோ எதுவும் சொல்லாது. செய்தித் தலைப்புகளில் வினையே இருக்காது. "சின்னமலைக்கு மணிமண்டபம்" என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள், உதவிக்கு ஒரு தடயமும் இல்லாமல் மென்பொருள் தவிக்கும். அதில் இன்னொரு மணி வேறு ஒளிந்திருக்கிறது.

அடுத்தது சொற்களைப் பிரிக்கும் இடம். கொங்கு நாட்டில் சக்திவேல் இல்லாத ஊர் இருக்காது. கீழே இருக்கும் இரண்டையும் பாருங்கள்.

"சக்தி வேலை பார்த்தார்."
"சக்திவேலைப் பார்த்தார்."

முதலாவதில் சக்தி என்பவர் உழைத்தார். இரண்டாவதில் யாரோ ஒருவர் சக்திவேல் என்பவரைச் சந்தித்தார். வித்தியாசம் ஓர் இடைவெளியும் ஒரு 'ப்' எழுத்தும் மட்டும். வேலை பார்த்தார் என்பதில் வேலை என்ற சொல்லில் உருபு இல்லை, அதனால் ஒற்று மிகாது. சக்திவேல் என்பதோடு 'ஐ' சேர்ந்தால் ஒற்று மிகும். பள்ளியில் சந்தி விதி படிக்கும்போது எதற்கு இதெல்லாம் என்று நினைத்திருப்போம், இங்கே ஓர் ஆளின் பெயரே அதை நம்பி நிற்கிறது. ஆனால் வாட்ஸாப்பில் எழுதுகிறவர்கள் ஒற்றையும் இடைவெளியையும் பொருட்படுத்துவதில்லை. "சக்திவேலை பார்த்தேன்" என்று ஒற்றில்லாமல் எழுதுவது ரொம்ப சாதாரணம். நமக்குப் புரிந்துவிடும், மென்பொருளுக்கு ஒரு நல்ல தடயம் போய்விடும்.

இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்பக் கோளாறையும் சொல்ல வேண்டும், தமிழில் வேலை செய்கிறவர்களே இதைப் பலமுறை கவனிக்காமல் விடுகிறார்கள். கூகுள் வெளியிட்ட பன்மொழி பெர்ட் மாதிரியில் இரண்டு பதிப்புகள் உண்டு. அதில் `bert-base-multilingual-uncased` என்ற பதிப்பு, எழுத்துகளைச் சின்ன எழுத்தாக மாற்றுவதோடு, எழுத்தின் மேல் ஏறும் குறிகளையும் அழித்துவிடும். பிரெஞ்சு போன்ற மொழிகளில் வரும் குறிகளை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோடு கணக்கில் தமிழின் புள்ளியும், ஈகாரக் குறியும் அதே வகையில் சேர்கின்றன. விளைவு இப்படி:

```
தீரன் சின்னமலை  →  தரன சினனமலை
வீரன்           →  வரன
வரன்            →  வரன
```

வீரன் என்ற ஆளும், பெண்ணுக்குப் பார்க்கும் வரனும் மாதிரியின் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டார்கள். ஒற்றுகள் எல்லாம் உயிர்மெய்யாக மாறிவிட்டன. மணிக்கு என்பது மணிககு. இதற்கு மேல் எவ்வளவு பழக்கினாலும், அழிந்துபோனது திரும்பி வராது. `bert-base-multilingual-cased` என்ற மற்றப் பதிப்பு இந்த அழிப்பைச் செய்வதில்லை, உருவாக்கியவர்களே அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். தமிழில் பெரிய எழுத்தே இல்லையே, எந்தப் பதிப்பாக இருந்தால் என்ன என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

கேஸ்டு பதிப்பை எடுத்தாலும் ஒரு குறை உண்டு. அது 104 மொழிகளுக்குப் பொதுவாகச் செய்தது. அவ்வளவு மொழிகளும் ஒரே சொல் தொகுப்பைப் பங்கு போட்டுக்கொள்வதால், நீளமான தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் முழுதாக அதில் இருக்காது. பழனிச்சாமியிடமிருந்து என்ற ஒரே சொல்லைப் பல துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கும். ஒரு தடவையில் 512 துண்டுக்கு மேல் அதனால் எடுத்துக்கொள்ள முடியாது. நீளமான மனு ஒன்றை அப்படியே கொடுத்தால் வால்பகுதி வெட்டுப்பட்டு, அதில் இருந்த பெயர்கள் தேடப்படாமலே போகும். பிழைச் செய்தியும் சில நேரம் வராது.

இனி, பழக்குவதற்கான வாக்கியங்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி. தமிழ் வாக்கியங்களை லட்சக்கணக்கில் ஆட்களை உட்கார வைத்து முத்திரை குத்தச் சொல்வது செலவு பிடிக்கும் வேலை. ஐஐடி மெட்ராஸில் இயங்கும் ஏஐ4பாரத் குழு 2022இல் நாமபதம் என்ற, முத்திரை குத்திய வாக்கியங்களின் தொகுப்பை வெளியிட்டது. தமிழ் உட்பட 11 இந்திய மொழிகளுக்கானது. அவர்கள் ஒரே செய்தி ஆங்கிலத்திலும் இந்திய மொழியிலும் இருக்கும் வாக்கிய ஜோடிகளை எடுத்து, ஆங்கிலப் பக்கத்தில் பெயர்களைக் கண்டுபிடித்து, அந்த முத்திரையை எதிரே இருக்கும் சொல்லுக்குக் கடத்தினார்கள். புத்திசாலித்தனமான வழிதான். ஆங்கிலத்தின் பெரிய எழுத்து உதவி மறைமுகமாக நமக்கும் வந்து சேர்கிறது.

ஆனால் அந்த வழியில் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட சங்கதிகள்தான். அமைச்சர்கள், விளையாட்டு வீரர்கள், தலைநகரங்கள், அரசு அறிவிப்புகள். மண்டிக் குறிப்பேடு, பனியன் கம்பெனியின் ஷிப்ட் பட்டியல், "மணியண்ணங்கிட்ட குடுத்துட்டேனுங்க" என்ற வகைப் பேச்சு ஆகியவற்றுக்கு ஆங்கில ஜோடி எங்கே இருக்கப்போகிறது? மணியண்ணன் என்று பெயரும் உறவும் ஒட்டிக்கொண்டு நிற்பது, நாச்சிமுத்து, குப்பாயி போன்ற பெயர்கள், முடிவில் வரும் 'ங்க' இவையெல்லாம் மென்பொருளுக்குப் புதுசு. உண்மையில் அண்ணன், அக்கா, அப்பச்சி போன்ற உறவுச் சொல் பக்கத்தில் வருவது ஆள் என்பதற்கு அருமையான தடயம். அதைப் பழகாத மாதிரியிடம் அந்தத் தடயம் வீணாகிறது. தலைப்பெழுத்தும் அப்படித்தான். "கு. பழனிச்சாமி" என்பதில் 'கு'வுக்குப் பின் வரும் புள்ளியைப் பார்த்து வாக்கியம் முடிந்தது என்று வெட்டிவிடும் நிரல்கள் உண்டு. பழனிச்சாமி அடுத்த வாக்கியத்தின் முதல் சொல்லாகித் தலைப்பெழுத்தை இழப்பார்.

ஒரு மென்பொருள் நம் வேலைக்கு ஆகுமா என்று பார்க்க, அதை வெளியிட்டவர்கள் போட்டிருக்கும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் போதாது. நம் கையில் இருக்கும் உரையில் 100 ஆட்களின் பெயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மென்பொருள் 90 இடத்தில் பெயர் என்று முத்திரை குத்தியது, அதில் 72 சரி. அப்படியானால் அது சொன்னதில் 80 சதவீதம் உண்மை, ஆனால் இருந்ததில் 72 சதவீதத்தைத்தான் பிடித்தது. இந்த இரண்டு எண்ணும் வேறு வேறு கதை சொல்கின்றன. பெயரை மறைக்கும் வேலையில் தப்பிப்போன அந்த 28தான் ஆபத்து. தேடி எடுக்கும் வேலையில் தவறாகப் பிடித்த 18 தொல்லை. தப்பிய 28ஐ எடுத்துப் படித்துப் பார்த்தால் பழனிச்சாமிகளும் ராமசாமிகளும் அதில் குறைவாகத்தான் இருப்பார்கள், மணி, தங்கம், பவானி, செல்வம் வகைதான் குவிந்திருக்கும். பழனிச்சாமி என்பது பெயரைத் தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாத சொல், அதைப் பிடிப்பது சுலபம். அதனால் இரட்டை வாழ்க்கை வாழும் சொற்களுக்குத் தனியாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. மொத்தச் சராசரியில் இவை அமுங்கிப்போகும்.

தவறு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனையும் இருக்கிறது. வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். "பவானியிடம் சாவியைக் கொடுத்தேன்" என்பதில் பவானியை ஊர் என்று மென்பொருள் சொல்கிறது என்றால், அந்த இடத்தில் குப்பாயி என்று போடுங்கள். குப்பாயியிடம் என்பதை ஆள் என்று சரியாகச் சொன்னால், 'இடம்' என்ற உருபை மென்பொருள் அறிந்தே இருக்கிறது, பவானி என்றால் ஊர் என்ற பழைய ஞாபகம்தான் அதை மிஞ்சிவிட்டது. அதற்கு மருந்து, பவானி ஆளாகவும் ஊராகவும் ஆறாகவும் வரும் வாக்கியங்களைக் கலந்து கொடுத்துப் பழக்குவது. ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும், அப்புறம் பவானி கூடுதுறையையும் ஆள் என்று சொல்லும். குப்பாயியையும் பிடிக்கவில்லை என்றால் கோளாறு இன்னும் அடியில் இருக்கிறது, உருபையே அது கற்கவில்லை. அப்போது புள்ளியும் ஈகாரமும் அழிகின்றனவா, சொல் எப்படித் துண்டாகிறது என்பதிலிருந்து பார்த்துவர வேண்டும். முதல் வகைக்குச் சில நூறு நல்ல வாக்கியங்களே பெரிய மாற்றம் தரக்கூடும். இரண்டாவது வகைக்கு மாதிரியையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

நேரத்தைப் பெயர் என்று மறைத்துவிடும் கோளாறை மாதிரியைத் தொடாமலும் குறைக்கலாம். எண்ணும் மணியும் அடுத்தடுத்து வந்து, பின்னால் வருவது மூட்டை, கிலோ, ஆள், ரூபாய் போன்ற அளவுச் சொல்லாகவோ இன்னொரு மணியாகவோ இல்லாவிட்டால் நேரம் என்று கடைசியில் ஒரு சிறு விதி சேர்த்துவிட்டால் போதும். பெரும்பாலான குறிப்பேடுகளில் அது வேலை செய்யும். "பவானிக்கு அனுப்பினேன்" என்பதைத் தனியே ஒரு பட்டியலில் ஒதுக்கிவைத்து, மண்டியில் கணக்கு எழுதுகிறவரிடமே கேட்டுக்கொள்ளலாம். அவருக்குத் தெரியும் அது யாருங்க, எந்த ஊருங்க என்று.